‘டேக் ஆஃப் தெம்’ தப்பு, ‘லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்’ என்பதும் தப்பு. பிள்ளை எதை நம்புவது?

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 8

அண்ணன் மகள் கிரேட் 6. கலைத்துப் போட்ட சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியமாக்கும் பயிற்சியை லெசோன் என்கிற டியூஷனில் கொடுத்திருக்கிறார்கள். முதல் கேள்வியில் ‘யுவர் ஷூஸ் ஆர் வெட்’ என்று ஒரு வாக்கியம் முழுசாக இருக்கிறது, அடுத்ததை நாம் அடுக்க வேண்டும்: ஆஃப் / பிஃபோர் / தெம் / யூ / டேக் / இன் / கம். அவள் எழுதியது ‘டேக் ஆஃப் தெம் பிஃபோர் யூ கம் இன்’. சிவப்பு மையில் அடித்து ‘டேக் தெம் ஆஃப்’ என்று திருத்தி, பக்கத்தில் ‘இட், ஹிம், தெம் வந்தால் நடுவில் போடு’ என்று ஒரு வரி.

பிள்ளை சொன்னதைக் கேட்கிற பிள்ளை. நாலு கேள்வி தள்ளி ஹிம் / ஆஃப்டர் / ஷீ / லுக்ஸ் வந்ததும் ஹிம்மை நடுவில் போட்டு ‘ஷீ லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்’ என்று எழுதிவிட்டாள். அதற்கும் சிவப்பு. “நடுவில் போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பா சித்தப்பா?” என்று கேட்கிறாள். நான் தமிழ் வாத்தியார், எனக்குக் காது சொல்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

(கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்கச் சோம்பல், ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்திலேயே அடிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பாம்ப்லெமூஸ் தம்பி, பிப்ரவரி 8

ரொம்ப ஈஸி அண்ணே. ரெண்டு சொல் சேர்ந்து ஒரு வினை என்றால் இட் நடுவில்தான். டர்ன் இட் ஆஃப், பிக் இட் அப், புட் இட் ஆன். லுக் ஆஃப்டர் ஒரு விதிவிலக்கு. அதை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள், முடிந்தது.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 8, ராத்திரி

தம்பி, அப்படியானால் லுக் அட்? வெயிட் ஃபார்? ‘வெயிட் இட் ஃபார்’ என்றா எழுதுவாய்? எண்ணிப் பார்த்தேன், பத்து நிமிஷத்தில் எட்டு ‘விதிவிலக்கு’ வந்துவிட்டது. அவ்வளவு விதிவிலக்கு இருந்தால் விதியில்தான் ஏதோ கோளாறு.

சென்பியேர் அக்கா, பிப்ரவரி 9

ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இதே தொல்லைதான். ‘கழற்று’ என்று ஏவினால் ஆன்லேவ் லே, லே பின்னால் வருகிறது. ‘நான் கழற்றுகிறேன்’ என்றால் ஜ லேஸ் ஆன்லேவ், அதே லே முன்னால் போய்விடுகிறது. என் பேரன் ரெண்டையும் குழப்புவான். ஏவலா இல்லையா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 9

அக்கா, அது பிரெஞ்சு. நான் கேட்டது ஆங்கிலம். ஆங்கிலத்தில் ஏவலாக இருந்தாலும் ‘ஷீ டுக் தெம் ஆஃப்’ என்று சொன்னாலும் இடம் மாறுவதில்லை.

ஆனால் உங்கள் குறிப்பைப் படித்தபிறகுதான் ஒன்று உறைத்தது. என் அண்ணன் மகள் வீட்டில் பேசுவது எங்கள் மொரீஷியஸ் கிரியோல். கிரியோலில் கழற்று என்பதற்குத் தீர், ஒரே சொல். தீர் லி, அதைக் கழற்று. விளக்கைப் போடு என்றால் அலிம், அதைப் போடு என்றால் அலிம் லி. வினை முழுசாக முடிந்த பிறகுதான் லி வந்து ஒட்டும், நடுவில் பிளப்பதற்கு அங்கே இடமே இல்லை. அவள் மண்டையில் தீர் என்றால் டேக் ஆஃப், லி ஒட்டுகிற இடத்தில் தெம், ஆக டேக் ஆஃப் தெம். அவளைப் பொறுத்தவரை அது கவனக்குறைவே இல்லை, ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறாள்! தமிழ் இதில் உதவவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. நமக்கு ‘அதை’ வினைக்கு முன்னாலேயே போய்விடுகிறது.

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 9

முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பாம்ப்லெமூஸ் தம்பி பாதி சரி. லுக் ஆஃப்டர் விதிவிலக்கு இல்லை, அது வேறு சாதி.

இந்தச் சின்னச் சொற்கள் இரண்டு வகை. டேக் ஆஃப் என்பதில் ஆஃப் வினைக்குச் சொந்தம். அதன் வலப்பக்கம் எதுவும் இருந்தாக வேண்டும் என்கிற கட்டாயம் அதற்கு இல்லை. லுக் ஆஃப்டர் என்பதில் ஆஃப்டருக்கு ஒரு பிடி வேண்டும், வலப்பக்கம் ஆளோ பொருளோ இருந்தே ஆக வேண்டும். ‘ஷீ லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்’ என்று எழுதினால் ஆஃப்டர் அந்தரத்தில் தொங்குகிறது.

சோதிக்க வேண்டுமானால் தெம்மை எடுத்துவிட்டுப் பெயர்ச்சொல்லைப் போடுங்கள். டேக் ஆஃப் யுவர் ஷூஸ், டேக் யுவர் ஷூஸ் ஆஃப், இரண்டும் சரி. அப்படி நகர முடிந்தால் அது பிரியக்கூடிய வினை, அதில் இட் ஹிம் தெம் எல்லாம் நடுவில்தான். லுக் ஆஃப்டர் தி பேபி சரி, லுக் தி பேபி ஆஃப்டர் வராது. நகரவில்லை என்றால் ஹிம் கடைசியில். அதாவது பெயர்ச்சொல்லுக்கு இரண்டு நாற்காலி, தெம்முக்கு ஒரே நாற்காலி.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 10

டீச்சர், நன்றாகப் புரிந்தது, எனக்கு. அவளிடம் போய்ச் செய்து காட்டினேன். ‘லுக் தி பேபி ஆஃப்டர்’ என்று எழுதி, இது சரியா தப்பா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, “சரி மாதிரிதான் இருக்கு” என்கிறாள். காது பழகினவர்களுக்குத்தானே இந்தச் சோதனை? காது பழகியிருந்தால் முதல் கேள்வியிலேயே தப்பு வந்திருக்காது. பூட்டின பெட்டிக்குள் சாவி இருக்கிற கதை.

ஹோட்டல் ஃபிரண்ட் ஆபீஸ், பிப்ரவரி 10

ஒரு சந்தேகம், கோபிக்காதீர்கள். நான் பதினோரு வருஷமாக வரவேற்பு மேஜையில் நிற்கிறேன். ‘தி டாக்சி வில் பிக் அப் யூ அட் எய்ட்’ என்றுதான் சொல்வேன். ஒரு வெள்ளைக்காரராவது புரியவில்லை என்று சொன்னதில்லை, டாக்சியும் எட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 10

பேச்சில் புரியும். பரீட்சையில் அந்த ஒரு மதிப்பெண் போகும். மற்றபடி பிக் யூ அப் என்று பதினோரு வருஷம் சொல்லியிருந்தாலும் டாக்சி எட்டுக்கே வந்திருக்கும், கஷ்டமே இல்லை.

சித்தப்பா சொன்னது நியாயமான குறை. காது இல்லாத பிள்ளைக்குச் சொற்களை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பேன். அட், ஃபார், ஃப்ரம், வித், இன்டு, ஆஃப்டர்: இவை எப்போதும் பிடி கேட்கிற சொற்கள், ஹிம் பின்னால். வெயிட் ஃபார் ஹிம், லாஃப் அட் தெம், ரன் இன்டு ஹெர். அவே, பேக்: இவை பிடியே கேட்காதவை, இட் நடுவில். த்ரோ இட் அவே, கிவ் இட் பேக். இந்த இரண்டு கூட்டத்துக்கும் அர்த்தம்கூடத் தெரிய வேண்டாம், சொல்லைப் பார்த்தாலே போதும். மூன்றாவது கூட்டம்தான் வம்பு: ஆன், ஆஃப், அப், டவுன், இன், ஓவர், த்ரூ. இவை இரண்டு வேஷமும் போடும்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 12

நேற்று காவடி, பள்ளிக்கூடம் இல்லை. கோயிலிலிருந்து வந்து கால் வலியோடு உட்கார்ந்தவளிடம் பத்து வாக்கியம் கலைத்துக் கொடுத்தேன் (அண்ணி முறைத்தார்). முதல் இரண்டு கூட்டத்தில் ஆறுக்கு ஆறு. மூன்றாவது கூட்டத்தில் நானே குழி வெட்டி நானே விழுந்த கதை ஒன்று இருக்கிறது.

பத்திரிகையில் எப்போதோ படித்த ஞாபகத்தில் தி / ஹிம் / டாக் / ஆன் / டர்ன்ட் என்று கலைத்தேன். நாய் அவன் மேலேயே பாய்ந்தது என்று வர வேண்டும். அவள் டர்ன் இட் ஆன் என்று விளக்குக்குப் படித்திருக்கிறாள், ஆகவே ‘தி டாக் டர்ன்ட் ஹிம் ஆன்’ என்று எழுதிவிட்டாள். நான் டிக் போடப் போனேன். பின்னாலிருந்து பார்த்த அண்ணன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்தது. எதற்குச் சிரிக்கிறார் என்று பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை. வாக்கியத்தையே தாளிலிருந்து கிழித்துவிட்டேன்.

பாம்ப்லெமூஸ் தம்பி, பிப்ரவரி 12

😂😂 அண்ணே அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 12

சிரித்து முடித்தாயிற்றா? இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. டர்ன் ஆன் என்று எழுத்தில் ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு வினை. விளக்கைப் போடும்போது ஆன் வினையோடு சேர்ந்தது, அதனால் டர்ன் இட் ஆன். நாய் பாயும்போது ஆன் என்பது ‘மேல்’, யார் மேல் என்று கேட்கும், அந்த மேலுக்குப் பிடி ஹிம். ஆகவே டர்ன்ட் ஆன் ஹிம். தமிழில் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘அவன் மேல்’, ‘மலை மேல்’, ‘அதன் வழியாக’ என்று உருபு மாதிரி ஒன்று தேவைப்பட்டால் அது பெரும்பாலும் பிடி கேட்கிற சொல். ‘அதை’ என்று மட்டும் சொன்னால் போதுமென்றால் பெரும்பாலும் நடுவில் போகும்.

இன்னொரு ஜோடி: ஹீ / தி / ரேங் / அப் / டாக்டர், ஹீ / தி / ரேன் / அப் / ஹில். டாக்டரை அழைத்தான், ரேங் ஹிம் அப். குன்றின் மேல் ஓடினான், ரேன் அப் இட். அப் அதேதான்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 13

‘அதை’ சோதனை அருமை என்று எழுத வந்தேன், வழியிலேயே உடைந்தது. லுக் ஆஃப்டர் ஹிம் தமிழில் ‘அவனைப் பார்த்துக்கொள்’. ‘அவனுக்குப் பின்னால்’ இல்லை. வெயிட் ஃபார் ஹிம்? ‘அவனுக்காக’ என்றும் சொல்லலாம், ‘அவனை எதிர்பார்’ என்றும் சொல்லலாம்.

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 13

அதனால்தான் ‘பெரும்பாலும்’ என்று போட்டேன். ஆஃப்டரும் ஃபாரும் முதல் கூட்டத்திலேயே பிடிபட்டுவிடும், அங்கே இந்தச் சோதனைக்கு வேலை இல்லை. மூன்றாவது கூட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 16

டீச்சர் தனியாகச் சொன்ன கைதட்டல் முறையையும் முயன்றோம். வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே அழுத்தம் விழுகிற இடத்தில் தட்ட வேண்டும். டேக் தெம் ஆஃப்: தட்டு ஆஃப்பில் விழுகிறது. லுக் அட் தெம்: லுக்கில் விழுகிறது, அட் அமுங்கிவிடுகிறது. தெம் என்பது ஏற்கனவே பேசின செருப்பு, புதுச் செய்தி ஒன்றும் இல்லை, அதனால் அமுங்கி நடுவில் ஒளிந்துகொள்கிறது, கடைசித் தட்டு ஆஃப்புக்குக் கிடைக்கிறது. இந்தக் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல்முறையாக ‘ஏன்’ புரிந்தது.

அவள் எல்லாவற்றையும் தட்டிவிட்டு ஷீ லுக்ஸ் ஆஃப்டர் ஹிம் வந்ததும் ஆஃப்டரில் ஓங்கித் தட்டினாள். “அப்ப ஹிம் நடுவிலதானே?” மறுபடி பிப்ரவரி 8-க்கே வந்துவிட்டோம்.

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 16

அவள் தட்டியது சரி. ஆஃப்டர், ஓவர் மாதிரி இரண்டு அசை உள்ளவை பிடி கேட்டாலும் அழுத்தம் வாங்கும். தட்டல் அட், ஃபார் மாதிரி ஓரசைச் சொற்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

பாம்ப்லெமூஸ் தம்பி, பிப்ரவரி 17

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். இட் மாதிரிச் சின்னச் சொற்கள் எல்லாம் நடுவில்: இட், தெம், தட், திஸ், ஒன், சம்ஒன். இப்போதாவது சரியா?

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 17

மீண்டும் பாதி. கண்டிப்பான விதி மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் ஏழுக்குத்தான். பிக் ஒன் அப், பிக் அப் ஒன் இரண்டும் வரும். சம்ஒனும் அப்படித்தான். அந்த ஏழிலும் ஒன்றை வேண்டுமென்றே அழுத்தினால், ‘அவளை இல்லை, அவனை’ என்று விரல் நீட்டிச் சொல்கிற மாதிரி, ரிங் அப் ஹிம் என்று கடைசிக்கு வரலாம். கலைத்த சொற்களில் குரல் கிடையாதே, பரீட்சையில் அதை நம்பாதீர்கள்.

பாம்ப்லெமூஸ் தம்பி, பிப்ரவரி 17

தட்? ‘புட் டவுன் தட்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா டீச்சர்?

கத்ர்போர்ன் டீச்சர், பிப்ரவரி 18

புட் தட் டவுன்தான் நானும் சொல்வேன். ஆனால் மற்றது தப்பு என்று மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

பாம்ப்லெமூஸ் தம்பி, பிப்ரவரி 18

நான் குறைப்பேன்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, பிப்ரவரி 22

புதுத் தகராறு. இந்தமுறை கேள்வியில் தெம் இல்லை: ஆஃப் / தி / டர்ன் / லைட் / ப்ளீஸ். அவள் ‘ப்ளீஸ் டர்ன் தி லைட் ஆஃப்’ என்று எழுதினாள். சிவப்பு! விடைத்தாளில் ‘ப்ளீஸ் டர்ன் ஆஃப் தி லைட்’ என்று அச்சாகியிருக்கிறதாம். இரண்டு நாற்காலி என்று டீச்சர் சொன்னாரே, பிள்ளை இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறார்கள். போய்க் கேட்டேன், “புத்தகத்தில் இப்படித்தான் இருக்கு மிஸ்யே” என்று பதில். பயிற்சி தயாரிப்பவர் இரண்டு விடை வரும் கேள்வியை வைத்துவிட்டு ஒரு விடையை மட்டும் அச்சிட்டால் யார் மேல் தப்பு?

கத்ர்போர்ன் டீச்சர் போனில் ஒரு சமாதானம் சொன்னார். பெயர்ச்சொல் நீளமானால் மட்டும் இந்தச் சுதந்திரம் போய்விடும்: பிக் அப் தி புக்ஸ் யூ லெஃப்ட் ஆன் தி ஃப்ளோர் என்பதில் அப்பைக் கடைசிக்குக் கொண்டுபோனால் அது வருவதற்குள் பிக் மறந்துபோகும். தி லைட் இரண்டே சொல். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆக மதிப்பெண் போனது அநியாயமாகத்தான் போனது.

ஹோட்டல் ஃபிரண்ட் ஆபீஸ், பிப்ரவரி 23

நேற்று வேண்டுமென்றே ‘பிக் யூ அப்’ என்று சொல்லிப் பார்த்தேன். டாக்சி இருபது நிமிஷம் லேட்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, மார்ச் 1

கரான்ஸ் புயல் நேற்று ரெயூனியனைத் தாக்கியிருக்கிறது. சென்பியேர் அக்கா, பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலம் கிடக்கட்டும்.

சென்பியேர் அக்கா, மார்ச் 5

இருக்கிறோம். கூரை ஓரம் கொஞ்சம் போனது, கரண்ட் இன்றுதான் வந்தது. நாலு நாளாக டர்ன் இட் ஆஃப் என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேரனுக்கு உங்கள் மூன்று கூட்டத்தையும் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்குப் பரீட்சை பிரெஞ்சில்தான், இருந்தாலும் கேட்டுக்கொண்டான்.

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, மார்ச் 8

ஒரு மாதம் ஆகிறது, எது நின்றது என்று எழுதிவைக்கிறேன். சோதனைகளைவிட நோட்டுப் புத்தகம்தான் வேலை செய்தது. புதிதாக ஒரு வினை வந்தால் வெறுமனே ‘டேக் ஆஃப்’ என்று எழுத விடுவதில்லை. இட்டையும் சேர்த்து, டேக் இட் ஆஃப், லுக் ஆஃப்டர் இட், பக்கத்தில் கிரியோலில் தீர் லி. டர்ன் ஆன் மட்டும் இரண்டு வரி பிடித்துக்கொண்டது, விளக்குக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. இப்போது கலைத்த சொற்களைப் பார்த்ததும் முதலில் வினையையும் சின்னச் சொல்லையும் வட்டம் போடுகிறாள், பிறகு நோட்டில் அந்த வரியைத் தேடுகிறாள்.

புட் / ஹேட் / யுவர் / டேபிள் / ஆன் / தி / இட் / அண்ட் / டேக் / ஆஃப் என்று பெரியதாக ஒன்று வந்தது. யுவர் ஹேட்டை டேக் ஆஃப்போடு சேர்த்தாள். பிறகு புட் இட் ஆன் நோட்டில் இருக்கிறதே என்று எழுதிவிட்டு நின்றாள், தி டேபிள் மிச்சம். “இந்த ஆன் டேபிளைப் பிடிச்சுக்கிட்டிருக்கு, தொப்பி போடற ஆன் இல்லை” என்று தானாகவே சொன்னாள். டேக் ஆஃப் யுவர் ஹேட் அண்ட் புட் இட் ஆன் தி டேபிள். எப்படியும் இட் அதே இடத்தில்தான் வந்தது, ஆனால் காரணம் வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த கேள்வியில் என்னை மாட்டிவிட்டாள். பஸ் / ஓவர் / இட் / தி / ரேன். ‘தி பஸ் ரேன் இட் ஓவர்’ என்கிறாள், நானோ ‘ரேன் ஓவர் இட்’ என்கிறேன்.

கத்ர்போர்ன் டீச்சர், மார்ச் 9

இரண்டும் சரி. ரேன் இட் ஓவர் என்றால் பஸ் அதை இடித்து நசுக்கியது. ரேன் ஓவர் இட் என்றால் அதற்கும் பொருந்தும், சும்மா அதன் மேலே ஏறிப் போனதற்கும் பொருந்தும். இட் என்ன, நாயா, ரோட்டில் கிடந்த குழாயா?

குட்லேண்ட்ஸ் சித்தப்பா, மார்ச் 9

கேள்வியில் அது இல்லையே டீச்சர். விடைத்தாள் செவ்வாய்க்கிழமைதான் வரும்.